அந்த ஆறு மதிப்பெண்

செமஸ்டர் ரிசல்ட் வெளியான மறுநாள், பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரே பேச்சைக் கேட்கலாம். “படிக்காத பிள்ளைகள்தான் ரீவேல்யூவேஷனுக்கு ஓடுகிறார்கள். திருத்தியவர் போட்டது போட்டதுதான். திரும்பத் திருத்தினால் மார்க் கூடுகிறது என்றால், இரக்கப்பட்டுப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் காசு கை மாறியிருக்கும்.” இப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் கண்டிப்பும் நேர்மையும் உள்ள மூத்த ஆசிரியர்கள். மறுமதிப்பீட்டுக்கான கெடுவைக் குறைக்க வேண்டும், கட்டணத்தை ஏற்ற வேண்டும், முடிந்தால் அந்த வழியையே அடைக்க வேண்டும் என்பது அவர்கள் மனதாரச் சொல்லும் யோசனை. பல்கலைக்கழக நிர்வாகங்களில் இருப்பவர்கள் பலரும் இதே கருத்தில்தான் இருக்கிறார்கள்.

இருபது ஆண்டுக்கு மேலாகச் சிவில் துறையில் பாடம் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் போட்டோகாபிகளுக்குப் பரிந்துரையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கருத்து தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது விடைத்தாளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல், விண்ணப்பிக்கிற பிள்ளையின் குணத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறது.

ஆகவே விடைத்தாளில் தொடங்குவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்த வகைத் தாள் பரிந்துரைக்காக என் மேசைக்கு வராத பருவம் நினைவில் இல்லை.

பொருள்களின் வலிமை பாடம். 13 மதிப்பெண் கேள்வி. இரு முனையிலும் தாங்கிய 6 மீட்டர் உத்தரம். நீளம் முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் பரவிய சுமை. இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 20 கிலோநியூட்டன் ஒற்றைச் சுமை. ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் இரண்டுக்கும் வரைபடம் போட்டு, அதிகபட்ச மொமென்ட் எங்கே வருகிறது என்று காட்ட வேண்டும்.

மாணவர் சரியாகவே தொடங்குகிறார். இடது முனையைச் சுற்றி மொமென்ட் எடுக்கிறார். பரவிய சுமைக்கு 60 × 3 = 180. ஒற்றைச் சுமைக்கு 20 × 2 = 40. இரண்டையும் கூட்டும் இடத்தில் 220 என்று எழுத வேண்டியதை 210 என்று எழுதிவிடுகிறார். ஆறால் வகுத்து வலது எதிர்விசை 35 என்கிறார். உண்மையில் அது 36.67. மொத்தச் சுமை 80 என்பதால் இடது எதிர்விசை 45 ஆகிறது. வர வேண்டியது 43.33.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் முறைப்படி சரி. ஷியர் பூஜ்யமாகும் இடத்தைத் தேடி 2.5 மீட்டர் என்கிறார். சரியான விடை 2.33 மீட்டர். அங்கே மொமென்ட் 71.25 என்கிறார். சரியான விடை 67.22. வரைபடங்களின் வடிவம் சரி. ஷியர் வரைபடம் வலது முனையில் 35-இல் வந்து முடிகிறது, அதுவும் ஒத்துப்போகிறது. ஒரே இடத்தில்தான் உத்தரம் அவரை எச்சரித்திருக்கும். வலது முனையில் மொமென்ட் பூஜ்யமாக வர வேண்டும், அவருடைய எதிர்விசைகளோடு கணக்கிட்டால் 10 வரும். அந்தச் சரிபார்ப்பை அவர் செய்யவில்லை. கோட்டைப் பூஜ்யத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

இந்த விடைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? எதிர்விசைகளுக்கு 3, ஷியர் மதிப்புகளுக்கு 3, அதன் வரைபடத்துக்கு 2, மொமென்ட் மதிப்புகளுக்கு 3, அதன் வரைபடத்துக்கு 2 என்று விடைக்குறிப்பு பிரித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டல் பிழைக்கு ஒன்று குறைப்பேன். முனையைச் சரிபார்க்காததற்கு மொமென்டில் ஒன்று, அதன் வரைபடத்தில் ஒன்று குறைப்பேன். ஆக 10. என்னைவிடக் கண்டிப்பானவர் 8 போடுவார். அதையும் நியாயம் என்றே சொல்வேன்.

முகாமில் அவருக்குக் கிடைத்தது 4. கடைசி வரியில் 71.25 என்று பார்த்தவர், குறிப்பில் 67.22 என்று இருப்பதைப் பார்த்து, விடை தப்பு என்று கொண்டு, வரைபடங்களுக்கும் தொடக்க வரிகளுக்கும் ஏதோ கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். ஸ்டெப் மார்க் என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தப் பக்கத்தில் போடப்படவே இல்லை.

இனி அந்த 4 என்ன செய்கிறது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுக்கு 80, இன்டர்னலுக்கு 20 என்பது பங்கு. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அத்துடன் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். அந்த விதியை இந்த மாணவருக்குப் பொருத்துவோம். அவர் எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 43, இன்டர்னலில் இருபதுக்கு 17. நாற்பத்து மூன்றை எண்பதுக்குச் சுருக்கினால் 34.4, இன்டர்னலோடு 51.4. மொத்தத்தில் தேர்ச்சி எல்லையைத் தாண்டிவிட்டார். ஆனால் எழுத்துத் தேர்வின் 45-ஐத் தொடவில்லை. ஆகவே அரியர். அந்தக் கேள்விக்கு 10 கொடுத்தால் 49, கண்டிப்பான 8 கொடுத்தாலும் 47. நியாயமாகத் திருத்திய யார் கையிலும் தேறியிருப்பார். இதைக் கேட்டு விண்ணப்பிக்கிற பிள்ளையைத்தான் மார்க் பிச்சை கேட்கிறவன் என்கிறோம்.

முதல் முறை திருத்தியவரை நான் குற்றவாளி ஆக்கவில்லை. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன். நான் போன முகாம்களில் ஓர் அமர்வுக்கு 25 தாள், ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு. மூன்று மணி நேரத்தில் 25 தாள் என்றால் ஒரு தாளுக்கு ஏழு நிமிடம் சொச்சம். ஒரு தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி, ஆக 16 விடைகள். சராசரியாக ஒரு விடைக்கு 27 விநாடி. டம்மி நம்பரைச் சரிபார்ப்பதும், மதிப்பெண்களை முகப்புக் கட்டங்களுக்கு மாற்றி எழுதுவதும், கூட்டுவதும் இதற்குள்ளேயே அடக்கம். இரண்டு பக்கம் நீளும் உத்தரக் கணக்கில் பிழை எந்த வரியில் நுழைந்தது என்று தேடி, அதற்குப் பிந்தைய வரிகள் முந்தைய வரியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எனக்கே நான்கைந்து நிமிடம் ஆகும். முகாமில் அந்த நான்கு நிமிடம் கிடையாது. அதனால் கண் தானாகக் கடைசி வரிக்குப் போகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்க 50 தாள் திருத்திவிட்டு, அன்று மாலை நாற்பத்தெட்டாவது தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும்.

கேள்வி ஒன்றின் விடை தொடர்ச்சியாக இல்லாமல், நடுவில் வேறொரு விடை புகுந்து, மிச்சம் ஏழெட்டுப் பக்கம் தள்ளி இருக்கும்போது அந்த மிச்சம் திருத்தப்படாமலே போவதுண்டு. உள்ளே 9 என்று இருப்பது முகப்புக் கட்டத்தில் ஏறாமல் விட்டுப்போவதுண்டு. இவை போட்டோகாபியைப் புரட்டியதுமே தெரிந்துவிடும், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் நான் அதிகம் பார்ப்பது முன்னே சொன்ன உத்தரக் கணக்கு வகை. திருத்தியதற்கான சிவப்பு மை பக்கத்தில் இருக்கும். மதிப்பெண்ணும் இருக்கும். கூட்டலும் சரியாக இருக்கும். விடையைத்தான் படித்திருக்க மாட்டார்கள்.

“அப்படியானால் 2017-க்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. 2017 ஏப்ரல்–மே தேர்வுகளுக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டது என்ற புகாரின் பேரில், அப்போதைய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உட்படப் பத்துப் பேர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை 2018 ஆகஸ்டில் வழக்குப் பதிந்தது. மறுமதிப்பீட்டுக்கு 3,02,380 பேர் விண்ணப்பித்ததாகவும், அவர்களில் 73,733 பேர் தேறியதாகவும், 16,636 பேர் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகவும் செய்திகள் வெளியாயின. நால்வரில் ஒருவர் தேறிவிட்டார் என்பதே பலருக்கும் ஊழலின் சாட்சியமாகத் தெரிந்தது. மறுமதிப்பீடு என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்துக்கு அந்த எண் பெரிய உரம்.

லஞ்சம் நடந்திருந்தால் அது மன்னிக்க முடியாத குற்றம். நேர்மையாகப் படித்துத் தேறியவன் பட்டத்தின் மீதும் அது சேற்றை அள்ளி வீசுகிறது. ஆனால் நால்வரில் ஒருவர் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. விண்ணப்பிக்கிறவர்கள் தேர்வு எழுதிய எல்லோரையும் பிரதிபலிக்கிறவர்கள் இல்லை. பெரும்பாலும் 45-க்கு ஓரிரு படி கீழே நிற்கிறவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். 12 எடுத்தவர் கட்டுவதில்லை. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு 13 மதிப்பெண் கேள்வியைச் சரியாகப் படித்தாலே நிலைமை மாறிவிடும். ஆகவே அந்தக் கூட்டத்தில் பெரும் பங்கினர் தேறுவது, யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காமலே நடக்கக்கூடியது. லஞ்சமும் நடந்திருக்கலாம், உண்மையான திருத்தமும் நடந்திருக்கலாம். மொத்த எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது வேறொன்று. உண்மையான திருத்தத்துக்கு முகவரி உண்டு. பதினேழாம் பக்கம், ஷியர் மதிப்புகள், 1 கொடுக்கப்பட்டது, 3 கொடுக்க வேண்டியது, முந்தைய வரியின் எதிர்விசையோடு ஒத்துப்போகிறது என்று காரணம் சொல்ல முடியும். பணம் வாங்கிக்கொண்டு கூட்டிய மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வரி எழுத முடியாது. எழுதினால் அடுத்தவர் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துப் பிடித்துவிடுவார். 2017 நமக்குச் சொல்வது மறுமதிப்பீட்டைச் சுருக்கு என்பதில்லை. மறுமதிப்பீட்டில் கேள்வி வாரியாகக் காரணம் எழுதாமல் ஒரு மதிப்பெண்ணும் மாறக் கூடாது என்பதுதான் அது சொல்வது. வாசலைக் குறுக்கினால் லஞ்சம் வாங்க நினைப்பவனுக்கு விலை ஏறும், அவ்வளவே.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை அவர்கள் சரியாக எடுத்துவைப்பதில்லை என்பதால் நானே வைக்கிறேன். ஒரே தாளை இரண்டு நேர்மையான ஆசிரியர்கள் திருத்தினால் இரண்டு மதிப்பெண் வரும். ஒருவர் கொஞ்சம் தாராளம், இன்னொருவர் கொஞ்சம் கறார். இதில், கூடினால் கொடுப்போம், குறைந்தால் பழையதையே வைத்துக்கொள்வோம் என்று ஒரு பல்கலைக்கழகம் விதி வைத்தால், மறுமதிப்பீடு இன்னொரு முறை குலுக்கிப்போடும் வாய்ப்பாக ஆகிவிடும். உண்மையில் 42-க்கு மட்டுமே தகுதியுள்ள தாள், முதல் தடவை 42 வாங்கி, இரண்டாவது தடவை தாராளக்காரர் கையில் விழுந்து 46 ஆகிவிடும். பணம் கட்ட முடிந்தவனுக்கு இரண்டு வாய்ப்பு, கட்ட முடியாதவனுக்கு ஒன்று. இது அநியாயம்தான். இதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் இந்த அநியாயத்தின் வேர் எங்கே? இரண்டாவது ஆசிரியர் தாளை முதலிலிருந்து புதிதாகத் திருத்துவதில். அவர் முதலில் திருத்தியவரின் முடிவைச் சோதிக்கவில்லை, தன் மனப்போக்கில் இன்னொரு மதிப்பெண் போடுகிறார். மாணவர் குறிப்பிட்ட கேள்வியில், குறிப்பிட்ட பக்கத்தில், விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, முதல் மதிப்பீடு தவறு என்று காட்டினால் மட்டும் மாற்றலாம் என்று வைத்தால் குலுக்கலுக்கு இடமில்லை. 8-ஆ 10-ஆ என்ற கருத்து வேறுபாட்டில் முதலில் திருத்தியவர் சொன்னது நிற்கட்டும். 4 என்பது குறிப்பின்படி நிற்க முடியாது என்றால் மாறட்டும், கூடினாலும் குறைந்தாலும். நான் ஆதரிக்கிற மறுமதிப்பீடு இது. இன்று நடப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையிலேயே இதற்கான விதை இருக்கிறது. ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் மாணவர் விடைத்தாளின் போட்டோகாபிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகிறது. நகல் வந்ததும், அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் அதைத் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டி, காரணத்தோடு பரிந்துரைக்க வேண்டும். அதன் பேரில்தான் மறுமதிப்பீட்டுக்குப் பதிவு செய்ய முடியும், ஒரு தடவைக்கு ஐந்து பாடங்கள் வரை. அதிலும் நிறைவில்லை என்றால் ரிவியூ என்று இன்னொரு படி. செய்முறைத் தேர்வுக்கும் புராஜெக்டுக்கும் இந்த வழி கிடையாது.

கேள்வி வாரியாகக் காரணம் சொல்லும் நாகரிகத்தை மாணவர் தரப்பு ஆசிரியரிடம் விதி எதிர்பார்க்கிறது. அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லும் கடமையை மறுபுறத்தில் யாருக்கும் வைக்கவில்லை. பல பல்கலைக்கழகங்களிலும் இதே நிலைதான். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறித்து அனுப்பிய பரிந்துரைக்கு, திரையில் ‘நோ சேஞ்ச்’ என்ற இரண்டு சொல் பதிலாக வரும். உத்தரக் கணக்கைப் பார்த்தார்களா? பார்த்து, 4 தான் சரி என்றார்களா? என்றால் எந்த வரியில் நான் தவறு? மாணவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் தவறாகப் பரிந்துரைத்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளவும் வழியில்லை. மதிப்பெண் கூடினாலும் இதே மௌனம்தான். முதலில் திருத்தியவருக்கு, உங்கள் தாளில் இந்தக் கேள்வியில் இப்படி ஒரு பிழை என்று ஒரு வரி போய்ச் சேர்ந்ததாக நான் கேட்டதில்லை. எனக்கு அப்படி ஒரு வரி ஒருநாளும் வந்ததில்லை. இத்தனை ஆண்டில் நான் திருத்திய தாள்களில் ஒன்றுகூடத் தவறாக இருந்திருக்காது என்று நம்ப நான் தயாரில்லை.

இதற்கிடையில் நாள்காட்டி நகர்கிறது. அடுத்த பருவத்துக்கான தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் பெரும்பாலும் மறுமதிப்பீட்டு முடிவுக்கு முன்னால் வந்துவிடும். தேறிவிடுவோம் என்று நம்பி அரியர் பாடத்துக்குக் கட்டாமல் விட்டால், ‘நோ சேஞ்ச்’ வந்ததும் இன்னும் ஆறு மாதம் போகும். அதனால் போட்டோகாபிக்குக் கட்டி, மறுமதிப்பீட்டுக்கும் கட்டி, அரியர் தேர்வுக்கும் கட்டுகிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். மூன்று பாடம் என்றால் கூலிவேலைக்குப் போகும் தகப்பனுக்குப் பல நாள் சம்பளம். பிழை பல்கலைக்கழகத்துடையது என்று உறுதியான பிறகும் இந்தப் பணம் எனக்குத் தெரிந்த எந்த மாணவருக்கும் திரும்பி வரவில்லை. கடைக்காரர் எடை குறைத்துக் கொடுத்ததைக் காட்டினால் மிச்சத்தைத் தருவார். சரிபார்க்கத் தராசைத் தொட்டதற்கு நம்மிடம் பணம் வாங்க மாட்டார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருந்தால் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வேண்டுமென்றால் எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. மறுமதிப்பீட்டில் தேறினால் அது முதல் தடவைத் தேர்ச்சி. ‘நோ சேஞ்ச்’ வந்து, அரியர் எழுதித் தேறினால் அது இல்லை. ‘அடுத்த செமஸ்டரில் எழுதிக்கோயேன்’ என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான்காண்டு உழைப்பில் எதை இழக்கச் சொல்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சட்டத்தை மேற்கோள் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். மதிப்பெண் விஷயத்தில் நீதிமன்றமே தலையிடாது, அப்புறம் என்ன என்பார்கள். உண்மைதான். மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல், விடைத்தாளைப் பார்க்கவும் மறுமதிப்பீடு கேட்கவும் விதி இடம் தரவில்லை என்றால் இயற்கை நீதியின் பெயரால் அதைக் கோர முடியாது என்றது. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கிலும், விதி இடம் தராதபோது நீதிமன்றம் தானே விடைத்தாளைத் திருத்த உட்காரக் கூடாது, இரக்கத்துக்கு இதில் இடமில்லை என்றது.

இரண்டு தீர்ப்பும் மதிப்பெண் எப்போதும் சரி என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் அறிவு நீதிபதியிடம் இல்லை, பாடம் தெரிந்தவரிடம் இருக்கிறது, ஆகவே பல்கலைக்கழகம் தன் விதிப்படி பார்த்துக்கொள்ளட்டும் என்று விலகிக்கொள்கின்றன. வெளிக் கதவு மூடியிருக்கும்போது உள்கதவையும் மூடச் சொல்வதற்கு இதில் என்ன ஆதாரம் இருக்கிறது? நீதிமன்றம் விலகி நிற்கும் அளவுக்குப் பல்கலைக்கழகத்தின் உள்விசாரணை கனமாக இருந்தாக வேண்டும்.

1984-க்குப் பிறகு சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2011 ஆகஸ்ட் 9 அன்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தகவல், எழுதியவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு, திருத்தியவரின் அடையாளத்தை மட்டும் மறைக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. அந்த உரிமை மறுமதிப்பீடு வரை நீளாது என்றும் கூடவே சொன்னது. 2019-இல் கம்பெனி செயலர்கள் நிறுவனம் தொடர்பான வழக்கில், அந்தச் சட்டத்தின் கீழ் விடைத்தாள் கேட்டால் அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்லும் கட்டணம்தான் என்றது. அதாவது விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். நாற்பது பக்கத் தாள் என்றால் மொத்தம் 90 ரூபாய். நகல் எடுத்துக் கொடுக்கும் செலவு அவ்வளவுதான் என்று அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

ஆனால் இந்த வழியாகப் போகிற மாணவருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. தகவல் தர அந்தச் சட்டம் அளிக்கும் அவகாசம் 30 நாள். மறுமதிப்பீட்டுக்கான கெடு அதற்கு வெகு முன்னால் முடிந்துவிடும். 90 ரூபாய்க்கு நகலை வாங்கி, உத்தரக் கணக்கில் ஆறு மதிப்பெண் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, விண்ணப்பிக்க வழியில்லாமல் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உரிமை ஒரு காலண்டரிலும் பரிகாரம் இன்னொரு காலண்டரிலும் இருக்கின்றன. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து கெடுவை எண்ணினால் இது தீர்ந்துவிடும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

எல்லோருக்கும் நகல் கொடுத்தால் விண்ணப்பம் மலைபோல் குவியும், சமாளிக்க முடியாது என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகத் தாள்களைத் தேடி எடுக்கும் ஊழியர்களின் சிரமத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மேசைக்கு வரும் நகல்களில் பலவற்றை நானே திருப்பி அனுப்புகிறேன். “தம்பி, இதுல ஒண்ணும் இல்ல. அவர் சரியாத்தான் போட்டிருக்கார்” என்று பக்கத்தைத் திறந்து காட்டினால் மாணவர் ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார். எங்கே சறுக்கினோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. தாளைப் பார்க்காமல் குருட்டுத்தனமாக விண்ணப்பிக்கும்போதுதான் கூட்டம் சேர்கிறது. நகல் எவ்வளவு விரைவாகவும் மலிவாகவும் கைக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு வீண் விண்ணப்பங்கள் பாடம் நடத்திய ஆசிரியரின் மேசையிலேயே நின்றுவிடும்.

மீதமுள்ளவற்றில் ஒவ்வொன்றும் பல்கலைக்கழகம் வேறெந்த வழியிலும் பெற முடியாத ஒரு செய்தி. குறிப்பிட்ட கேள்வியில் ஏராளமான தாள்கள் மாறுகின்றன என்றால் விடைக்குறிப்பில் ஏதோ கோளாறு. மாலை அமர்வில் திருத்திய கட்டுகளில்தான் பெரும்பாலும் மாறுகின்றன என்றால் 25 என்ற எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒருவர் கையில் மட்டும் கடைசி வரி பார்த்துப் போட்ட மதிப்பெண்கள் குவிகின்றன என்றால் அடுத்த முகாமில் தலைமைத் தேர்வாளர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். டம்மி நம்பரை வைத்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும். பல பல்கலைக்கழகங்கள் முதுகலைத் தாள்களை இருவரைக் கொண்டு தனித்தனியே திருத்தச் செய்கின்றன. ஒருவர் கண் போதாது என்று ஒப்புக்கொண்டதால்தான் அந்த ஏற்பாடு. இளங்கலைக்கு அவ்வளவு ஆள் இல்லை என்பது புரிகிறது. ஆள் இல்லாத இடத்தில் இரண்டாவது கண்ணாக இருக்கிறவர் அந்த மாணவர்தான்.

திருத்தியவரின் மரியாதை போய்விடும் என்கிறார் என் துறையின் மூத்தவர் ஒருவர். அவரிடம் நான் பாடம் கற்றவன், அவர் பேச்சை எடுத்தெறிய எனக்கு மனமில்லை. அவரிடமே ஒருமுறை ஒரு நகலைக் கொண்டுபோய், மாணவர் பெயரைச் சொல்லாமல், “ஐயா, இந்தக் கணக்குக்கு எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். கூட்டல் பிழையைக் கண்டுபிடித்து வட்டமிட்டார். கீழே வந்து ஒவ்வொரு வரியையும் அந்தப் பிழையான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “ஒன்பது” என்றார். தாளில் 4 இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

அந்த நகலோடு சேர்த்து என் பரிந்துரையை அன்று மாலையே எழுதினேன். பக்கம், வரி, குறிப்பின்படி எவ்வளவு, கொடுக்கப்பட்டது எவ்வளவு, ஏன். கடைசியில் ஒரு கட்டம் வரைந்து, ‘மறுமதிப்பீட்டாளர் இந்தக் கேள்வியில் என்னோடு வேறுபட்டால் காரணம்’ என்று தலைப்பிட்டுக் காலியாக விட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. அப்போதிலிருந்து ஒவ்வொரு பருவமும், ஒவ்வொரு பரிந்துரையிலும் அதை வரைந்தே அனுப்புகிறேன்.